முன் டயர் வெடித்தால் முதல் சில நொடிகள்: அறிகுறி வாரியாக என்ன செய்வது

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஜிஎஸ்டி சாலையில் டயர் கடையும் வீல் அலைன்மெண்டும் வைத்து 19 வருடம் ஆகிறது. வெடித்த டயரோடு வண்டி வருவது எங்களுக்குப் புதிதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் இன்னும் கூடும். சில வண்டிகள் ஸ்டெப்னி மாட்டித் தானே ஓடி வரும். சில வண்டிகள் ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி வரும். இரண்டிலும் டயரைக் கழற்றிப் போட்டால் கிழிசல் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓட்டி வந்தவரிடம் பேசும்போதுதான் வித்தியாசம் தெரியவரும். ரெக்கவரியில் வந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் இது: "சத்தம் கேட்டதும் பிரேக்க ஏறி மிதிச்சுட்டேன்ணே."

கார், ஜீப் மாதிரி வண்டிகளில் நெடுஞ்சாலை வேகத்தில் முன் டயர் வெடித்தால் என்ன செய்வது என்று மட்டும் இங்கே எழுதுகிறேன். இரு சக்கர வண்டிக்கும் லாரிக்கும் கணக்கு வேறு. வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிடுங்கள். 100 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடும், அதாவது இரண்டு பஸ் நீளத்துக்கும் மேல். அந்த நேரத்தில் எதையும் யோசித்துச் செய்ய முடியாது. காலுக்கும் கைக்கும் முன்பே தெரிந்திருந்தால்தான் உண்டு.

அறிகுறி 1: டமார் என்று சத்தம், ஸ்டீயரிங் ஒரு பக்கம் பிடுங்குகிறது

ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுத்தால் வெடித்தது முன் டயர். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்து டயர். கீழே குனிந்து பார்க்கவோ, கண்ணாடியில் எட்டிப் பார்க்கவோ வேண்டியதில்லை.

முதல் நொடியில் கை: இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். கடிகாரத்தில் 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடம். வண்டி எந்தக் கோட்டில் போய்க்கொண்டிருந்ததோ அதே கோட்டில் வைத்திருக்க எவ்வளவு எதிர்ப்பலம் தேவையோ அவ்வளவு மட்டும் கொடுங்கள். வலது பக்கம் இழுத்தால் இடது பக்கமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் இடது பக்கம் திருப்பிவிடக் கூடாது. ஸ்டீயரிங் அசையாமல் நின்றால் போதும்.

முதல் நொடியில் கால்: ஆக்சிலேட்டரில் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். வெடித்ததும் காலை வெடுக்கென்று எடுக்கக் கூடாது. பிரேக்குக்குப் போகவே கூடாது. "ஒன்று, இரண்டு" என்று மனதுக்குள் எண்ணும் வரை அப்படியே வைத்திருங்கள். வேகம் கூட்டச் சொல்லவில்லை. காற்றில்லாத டயர் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் வேகம் தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். என்ஜின் அதே அளவு தள்ளிக்கொண்டிருந்தால் வண்டி நேராகப் போகும். உங்கள் கை ஸ்டீயரிங்கின் இழுப்பைப் பழகிக்கொள்ள அந்த இரண்டு நொடி தேவை.

பிரேக் ஏன் வேண்டாம் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். பிரேக் மிதித்தால் வண்டியின் எடை முன்னால் சாயும், அது காற்றில்லாத சக்கரத்தின் மேல் விழுந்து இழுப்பை இன்னும் கூட்டும், ரப்பர் நழுவி ரிம்மின் விளிம்பு தார்ச்சாலையைக் கொத்தும்.

கிளட்சையும் மிதிக்காதீர்கள். நம்மூரில் ஓட்டக் கற்றவர்களுக்கு பிரேக் போகும்போதே கிளட்சும் சேர்ந்து போகும். கிளட்ச் மிதித்தால் என்ஜினின் பிடி அறுந்துவிடும், வெடுக்கென்று காலை எடுத்த மாதிரிதான் ஆகும். கியரைக் குறைப்பதும் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதும் கூடாது. குரூஸ் கன்ட்ரோலில் போய்க்கொண்டிருந்தால், வண்டி நிதானப்பட்ட பிறகு ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனால் அதை ரத்து செய்யுங்கள். பிரேக்கைத் தொட்டு ரத்து செய்யும் பழக்கம் இங்கே உதவாது.

கண் தூரத்தில், நீங்கள் போகவேண்டிய பாதையில் இருக்கட்டும். மீடியன் தடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கை அதை நோக்கித்தான் திரும்பும். ஹசார்டு பட்டனைத் தேடாதீர்கள். அதற்கு ஒரு கை வேண்டும், இப்போது உங்களுக்கு மிச்சக் கை இல்லை.

மூன்றாவது நொடியிலிருந்து: ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாகத் தளர்த்துங்கள், பாத்திரத்தில் எண்ணெயை வடிப்பது மாதிரி. வேகம் 50 கி.மீ.க்கு வரும் வரை பாதையை மாற்ற வேண்டாம். 50க்குக் கீழே வந்ததும் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, மெல்ல இடது ஓரத்துக்கு நகருங்கள். 30க்குக் கீழே வந்த பிறகு பிரேக்கை லேசாகத் தொடலாம். வண்டி நிற்கப் போகும்போது கிளட்ச்.

*இழுப்பது இடது பக்கம் என்றால்:* ஒதுங்க வேண்டிய பக்கமும் அதுதான் என்பதால் வண்டியை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். நம் சாலைகளின் இடது ஓரத்தில் நிறுத்திய லாரி இருக்கும், எதிர்த்திசையில் வரும் பைக் இருக்கும், பஸ்ஸுக்கு நிற்கும் ஆள் இருப்பார். வேகம் குறைந்த பிறகு நீங்களாகத்தான் அந்த ஓரத்துக்குப் போக வேண்டும்.

*இழுப்பது வலது பக்கம் என்றால்:* வலது ட்ராக்கில் போகும்போது இதுதான் அதிகம் பயமுறுத்தும். மீடியன் இரண்டு மூன்று அடிக்குள் இருக்கும். இங்கே ஆட்கள் செய்யும் தவறு, பயந்துபோய் இடது பக்கம் அதிகமாகத் திருப்பிவிடுவது. அதன் விளைவை மூன்றாவது அறிகுறியில் சொல்கிறேன்.

போன சித்திரையில் வந்த ஒரு வண்டியைச் சொன்னால் இது தெளிவாகப் புரியும். தாம்பரத்திலிருந்து எங்களிடம் வழக்கமாக வரும் ஒரு அக்கா, பள்ளி ஆசிரியை. மேல்மருவத்தூரிலிருந்து ஞாயிறு மாலை திரும்பிக்கொண்டிருந்தார்கள். சின்ன ஹேட்ச்பேக், பெரியவர்கள் நான்கு பேர், பின்னால் பைகள். அக்காதான் ஓட்டினார். படாளம் தாண்டி வலது ட்ராக்கில் 95ல் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தபோது, லாரியின் பின் சக்கரத்துக்கு நேராக இருக்கையில் முன் வலது டயர் வெடித்தது. வலதில் மீடியனின் அரளிச் செடிகள், இடதில் லாரி. போக இடமில்லை.

பக்கத்து சீட்டிலிருந்த கணவர், "பிரேக் போடு, பிரேக் போடு" என்று கத்தியிருக்கிறார். அக்கா போடவில்லை. எங்கள் கடையில் டயர் மாற்ற உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். கால் அப்படியே இருந்தது. முதல் இரண்டு நொடியில் வண்டி லாரியைத் தாண்டி முன்னே வந்துவிட்டது. அந்த இடத்தில் பிரேக் மிதித்திருந்தால் லாரியின் பக்கவாட்டிலேயே மாட்டியிருப்பார்கள், இல்லை லாரியின் முகத்துக்கு நேராகக் குறுக்கே விழுந்திருப்பார்கள். பிறகு மெல்லக் காலைத் தளர்த்தியிருக்கிறார். சத்தம் கேட்ட லாரிக்காரரும் விவரமானவர். வேகத்தைக் குறைத்து, லைட்டை இரண்டு முறை அடித்து, "வா" என்று இடம் விட்டிருக்கிறார். 95லிருந்து 50க்கு இறங்க ஏறக்குறைய 10 நொடி, 200 மீட்டர் போல ஆகியிருக்கும். அதன் பிறகு இண்டிகேட்டர் போட்டு, இடது ட்ராக் கடந்து, தார் போட்ட ஓரத்தில் நிறுத்தினார். ரிம்மில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தடம், அவ்வளவுதான்.

அந்த 10 நொடி கேட்க நீளமாகத் தோன்றும். அக்காவே, "ஒரு நிமிஷம் ஆன மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார். அந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் கால் பிரேக்குக்குப் போகிறது.

கூட வருபவர்களுக்கு ஒன்று: கத்தாதீர்கள், ஸ்டீயரிங்கில் கை வைக்காதீர்கள்.

அறிகுறி 2: யோசிப்பதற்குள் கால் பிரேக்கில் விழுந்துவிட்டது

இது எல்லோருக்கும் நடக்கும். தவறு நடந்துவிட்டது என்று உணர்ந்த நொடியில் என்ன செய்வது என்பதுதான் முக்கியம்.

முன்னால் சாலை காலியாக இருந்தால்: பிரேக்கிலிருந்து காலைச் சீராக விடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடியே விட வேண்டும். அதுவரை எதிர்ப்பக்கம் பலமாக அழுத்திக்கொண்டிருப்பீர்கள்; பிரேக் விட்டதும் இழுப்பு குறையும், அப்போது கையின் அழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்காவிட்டால் வண்டி மறுபக்கம் பாயும். காலும் கையும் ஒன்றாகத் தளர வேண்டும்.

முன்னால் வண்டியோ ஆளோ இருந்தால்: பிரேக் போட்டே ஆகவேண்டிய நிலை. ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதியுங்கள். பெடல் காலடியில் தடதடவென்று உதைக்கும், பயந்து காலை எடுக்க வேண்டாம். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு விட்டு விட்டு மிதிக்க வேண்டும். இரண்டிலும் பிரேக் போட்டபடி வளைக்கக் கூடாது. வேகத்தில் போகும்போது நான் பிரேக்குக்குச் சம்மதிக்கும் இடம் இது ஒன்றுதான்.

காலின் பழக்கத்தைப் படித்து மாற்ற முடியாது. என் மகனுக்கு இதைப் பழக்க ஞாயிறு விடியற்காலையில் ஆளில்லாத மனைப்பிரிவுச் சாலைக்குக் கூட்டிப்போனேன். 40ல் நேராக ஓட்டச் சொல்லி, சொல்லாமல் கொள்ளாமல் டாஷ்போர்டை உள்ளங்கையால் ஓங்கி அறைவேன். சத்தம் கேட்டதும் அவன் காலை அசைக்காமல், வாய்விட்டு "ஒன்று, இரண்டு" எண்ணி, பிறகு மெல்லத் தளர்த்த வேண்டும். முதல் மூன்று முறையும் கால் பிரேக்குக்குப் பறந்தது. நான்காவது முறை பாதத்தின் முன்பகுதி கொஞ்சம் தூக்கிப்போட்டது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. ஐந்தாவது முறை நின்றது. அரைமணி நேர வேலை. பின்னால் வண்டி வராத இடத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அறிகுறி 3: வண்டி ஆட ஆரம்பித்துவிட்டது, பின்பக்கம் சறுக்குகிறது

இது பெரும்பாலும் ஸ்டீயரிங்கை அதிகமாகத் திருப்பியதால் வருவது. வலது டயர் வெடித்து, இடது பக்கம் ஒடித்து, வண்டி இடது பக்கம் பாய்ந்து, மறுபடி வலது பக்கம் ஒடித்து, இரண்டாவது ஒடிப்பில் பின்பக்கம் கழன்று சுற்றும். இரண்டாவது ஒடிப்பு பெரும்பாலும் முதலாவதை விடப் பெரிதாக இருக்கும். உயரமான வண்டிகள் கவிழ்வதும் அங்கேதான்.

செய்ய வேண்டியது: பிரேக்கிலும் கிளட்சிலும் கால் இருந்தால் எடுங்கள். தூரத்தில், நீங்கள் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். சின்னச் சின்னத் திருப்பமாக அந்தத் திசைக்கு ஸ்டீயரிங்கைக் கொண்டுவாருங்கள். கை ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அளவுக்குத் திருப்பினால் அது அதிகம்.

ஒரு சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கிவிட்டால் உடனே மேலே ஏற்ற முயலாதீர்கள். காற்றில்லாத முன் சக்கரத்தின் ரிம் தார் விளிம்பில் இடறும். மண்ணிலேயே நேராக ஓடவிட்டு, வேகம் போன பிறகு நிறுத்துங்கள். மழை பெய்து ஓரம் சேறாக இருந்தால் இது இன்னும் முக்கியம். மண்ணில் புதையும் ரிம் வண்டியைக் குப்புறத் தள்ளும் என்பதால் அங்கே ஸ்டீயரிங்கை வளைக்கவே வேண்டாம்.

அறிகுறி 4: சத்தம் வந்தது, ஆனால் ஸ்டீயரிங் அமைதி, சீட்டுதான் ஆடுகிறது

வெடித்தது பின் டயர். காலுக்கு அதே பாடம்தான்: அப்படியே வை, எண்ணு, தளர்த்து. கைக்கு இன்னும் மென்மை வேண்டும், ஏனென்றால் பின்பக்கம் சுலபமாகச் சறுக்கும்.

அறிகுறி 5: சத்தமே இல்லை, ஸ்டீயரிங் கனக்கிறது, ஒரு பக்கம் மெல்ல இழுக்கிறது, அல்லது நடுங்குகிறது

நான் பார்த்த வெடிப்புகளில் பலவும் இங்கேதான் தொடங்கின. அந்த அக்காவின் வண்டியும் மேல்மருவத்தூரில் கிளம்பியதிலிருந்தே லேசாக வலது பக்கம் இழுத்திருக்கிறது. "ரோடு சரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்" என்றார். இந்த அறிகுறி வந்தால் வேகத்தைக் குறைத்து இடது ட்ராக்குக்கு வந்து, அடுத்த பெட்ரோல் பங்கிலோ அகலமான ஓரத்திலோ நிறுத்திப் பாருங்கள். காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம்.

*எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது:* முதலில் காற்று. இரண்டு முன் டயரையும் எதிரே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றின் அடிப்பகுதி அதிகம் பிதுங்கியிருந்தால் காற்று இறங்குகிறது. ஆணி தெரிகிறதா, வால்வைச் சுற்றி எச்சில் தடவினால் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கும். காற்று இரண்டிலும் சரியாக இருந்தால், சக்கரத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோய் சூடு பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்து, கருகல் வாசனை வந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது மெக்கானிக் வேலை, அங்கிருந்தே கூப்பிடுங்கள். சூடும் இல்லையென்றால் அலைன்மெண்ட். மெதுவாக ஓட்டி வந்து பார்க்கலாம்.

*80க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது:* வீல் பேலன்சிங் ஈயம் விழுந்திருக்கலாம், ரிம்மின் உள்பக்கம் சேறு ஒட்டியிருக்கலாம். இரண்டும் சின்ன விஷயம். ஆனால் நடுக்கம் போன வாரம் இல்லாமல் இன்று புதிதாக வந்திருந்தால், வண்டியை நிறுத்தி, டயரின் ஓடுபரப்பிலும் பக்கச்சுவரிலும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு தட்டுப்பட்டால் டயரின் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட நெடுஞ்சாலை வேகத்தில் போகக் கூடாது. அங்கேயே ஸ்டெப்னி மாட்டுங்கள்.

காற்று முழுதாக இறங்கிய டயரில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டீர்கள் என்றால் அதில் மறுபடி காற்றடித்துப் பயணத்தைத் தொடராதீர்கள். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பக்கச்சுவர் நசுங்கி அரைந்திருக்கும். காற்றடிக்கும்போதோ, பிறகு ஓடும்போதோ வெடிக்கலாம். கடையில் ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி 6: வண்டி நின்றுவிட்டது, ஆனால் நின்ற இடம் சரியில்லை

வலது ட்ராக்கிலோ பாலத்தின் மேலோ வளைவிலோ நிற்கப் போகிறது என்று தெரிந்தால் நிற்க விடாதீர்கள். ஹசார்டு போட்டு, 15, 20 வேகத்தில் ரிம்மிலேயே உருட்டிக்கொண்டு இடது ஓரத்துக்கு வாருங்கள். ரிம் போனால் போகட்டும். ரிம்மைக் காப்பாற்ற வேக ட்ராக்கில் நின்றவர்கள் பின்னால் வந்த வண்டியில் அடிபட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நகரவே முடியாமல் நடுவில் நின்றுவிட்டால், டயர் மாற்றும் பேச்சே கிடையாது. ஹசார்டு போட்டு, வண்டி வராத பக்கத்துக் கதவால் எல்லோரும் இறங்கி மீடியனுக்குள்ளோ தடுப்புக்கு அப்பாலோ போய்விடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033க்குக் கூப்பிட்டால் ரோந்து வண்டியும் ரெக்கவரியும் வரும். ஓஎம்ஆர் மாதிரி மாநிலச் சாலையில் 112. அடிபட்டிருந்தால் 108. கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் அவர்களுக்கு இடம் சட்டென்று பிடிபடும்.

இடது ஓரத்தில் பத்திரமாக நின்றாலும் எல்லோரும் இடது கதவால் இறங்க வேண்டும், குழந்தைகளை வண்டிக்குள் விடக் கூடாது. முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வெடித்தது வலது டயராக இருந்து, வண்டிக்கும் ஓடும் ட்ராக்குக்கும் நடுவே ஒரு ஆள் நீளம் இடமில்லையென்றால் நீங்களே மாற்ற உட்காராதீர்கள். உட்கார்ந்திருப்பவரின் முதுகு லாரிக்காரருக்குத் தெரியாது. இரவு என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, உதவியைக் கூப்பிடுங்கள்.

ஸ்டெப்னி மாட்டிய பிறகு: ஓட்டலாமா, ஆளைக் கூப்பிடலாமா

கிளம்பும் முன் மூன்று சோதனை போதும். ஒன்று, வண்டியை எடுக்காமல் பிரேக் பெடலை மூன்று முறை மிதியுங்கள். பெடல் கீழே போய்க்கொண்டே இருந்தாலோ, வெடித்த சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக எண்ணெய் வடிந்திருந்தாலோ, கிழிந்த ரப்பர் பிரேக் குழாயை அடித்திருக்கிறது. நகர்த்தக் கூடாது, ரெக்கவரிதான். இரண்டு, டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு புதிதாக எரிகிறதா. எரிந்தால் சக்கரத்தின் சென்சார் ஒயர் அறுந்திருக்கலாம். ஓட்டலாம், ஆனால் அவசர பிரேக்கில் ஏபிஎஸ் கைகொடுக்காது என்று நினைவில் வைத்து மெதுவாக. மூன்று, 20 வேகத்தில் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் முன்பு நின்ற மாதிரி நடுவில் நிற்கிறதா. கோணலாக நின்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் டை ராடோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கலாம். செலவில் பெரியது இதுதான், ரோட்டில் சரிசெய்யவும் முடியாது. அங்கேயே நிறுத்திக் கூப்பிடுங்கள்.

ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அதில் 80க்கு மேல் போகக் கூடாது. டயரிலேயே அந்த வேகம் அச்சிட்டிருக்கும்.

வெடித்த டயரைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டுவாருங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. உள்ளே ரப்பர் பொடி உதிர்ந்து, பக்கச்சுவரைச் சுற்றி வளையமாக அரைந்திருந்தால் காற்றுக் குறைவோடு ஓடிய டயர். பக்கச்சுவரில் அருகருகே இரண்டு கிழிசல் இருந்தால் பள்ளத்தில் விழுந்து ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கியது. ஓடுபரப்பு பட்டையாக உரிந்திருந்தால் வயதும் சூடும். வயதைப் பக்கச்சுவரில் 'DOT' எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம் சொல்லும். 2319 என்றால் 2019ம் ஆண்டின் 23வது வாரம். ஓடுபரப்பில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் காட்டுங்கள்.

அக்காவின் டயரைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி ரப்பர் பொடி கொட்டியது. பட்டன் பாதிக்கு மேல் இருந்தது, ஆணி இல்லை, கிழிசலுக்கு வேறு காரணம் தெரியவில்லை. வால்வைப் பிடித்து ஒரு பக்கமாக வளைத்தேன். அடிப்பாகத்தில் ரப்பர் மயிரிழையாக வெடித்து, வளைத்ததும் வாய் திறந்தது. அந்த வழியாக நாட்கணக்கில் காற்று கசிந்திருக்கிறது. மற்ற மூன்று வால்வையும் அக்காவே வளைத்துப் பார்த்தார், இரண்டில் அதே விரிசல். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் மாற்றினோம். டயரை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வால்வும் புதிதாகப் போட வேண்டும். போன முறை வேறு எங்கோ டயர் போட்டபோது பழையதையே விட்டிருக்கிறார்கள்.